அப்பத்தா இருக்கும் படங்கள்: கல்யாணப் புகைப்படக்காரருக்கு ஒரு நன்றிக் கடிதம்

கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் வீட்டார் புகைப்படக்காரருக்கு அனுப்புவது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். "போட்டோஸ் எல்லாம் சூப்பர்ணா." கூடவே கைகூப்பும் சின்னப் படம் ஒன்று. மனதார அனுப்புவதுதான் அது. ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து தெரியவருவது, பணம் கொடுத்தவர்கள் குறை சொல்லவில்லை என்பது மட்டுமே. எந்தப் பக்கத்தைப் புரட்டியபோது அப்பா பேச்சை நிறுத்தினார், எந்தப் படத்தை அத்தை தனியாகப் பிரின்ட் போடச் சொன்னார் என்பதெல்லாம் அவர் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

வீட்டுப் பெரியவர்களின் படங்கள் என்று வரும்போது இந்த இழப்பு கூடுதல். மணமக்களின் முகம் புகைப்படக்காரருக்கு நன்றாகத் தெரியும். பெற்றோரையும் மேடையில் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார். பாட்டி அப்படியல்ல. மண்டபத்தில் இருக்கும் பல நரைத்த தலைகளில் அவருடையதும் ஒன்று. அவரை நல்ல படம் எடுத்தவருக்கு, அதை எப்படி எடுத்தோம் என்பது தெரியும். அந்தப் படம் இந்தக் குடும்பத்துக்கு ஏன் பெரிது என்பது தெரியாது. வீட்டாருக்கு நேர்மாறாக, ஏன் பெரிது என்பது தெரியும். எப்படி எடுத்தார் என்பது தெரியாது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிற கடிதத்தைத்தான் புகைப்படக்காரர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

எடுத்துக்காட்டாக, விருதுநகர்ப் பக்கத்தில் நடக்கும் ஒரு கல்யாணத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெண்ணின் அப்பத்தாவுக்கு வயது 84. தாத்தா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முழங்கால் வலி, மேடை ஏற முடியாது. இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டபடி, படம் எடுக்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் 'ட்ரெடிஷனல்'. மேடைக்கு நேர் எதிரே நின்று, ஃபிளாஷ் போட்டு, சடங்கு ஒவ்வொன்றையும் வந்தவர்களின் குழுப் படங்களையும் ஒன்று விடாமல் எடுப்பது அவர் பொறுப்பு. மற்றவர் 'கேண்டிட்'. யாரையும் நிற்கச் சொல்லாமல், திரும்பச் சொல்லாமல், நடப்பதை நடந்தபடியே எடுப்பவர். அப்பத்தாவின் படங்கள் இந்த இரண்டாமவரின் கேமராவில்தான் அகப்படும். ஆல்பம் வந்த பிறகு பெண் அவருக்கு எழுதுகிறாள். மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறாள்.

முதல் படம், கல்யாணத்துக்கு முந்தின இரவு எடுத்தது.

"அண்ணா, மருதாணி போட்டுக்கொண்டிருந்தபோது என் கையை நிறையப் பேர் படம் எடுத்தார்கள். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்த அப்பத்தாவின் கையையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். அப்பத்தாவின் முழங்கைக்குக் கீழே இருக்கிற பச்சைக் கோலம் அதில் தெளிவாகத் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால், வாசலில் வந்த குறத்தியிடம் உட்கார்ந்து குத்திக்கொண்டதாம். வலி தாங்காமல் பாதியில் ஓடிப்போய், மறுபடி அவருடைய அம்மா இழுத்துவந்து உட்காரவைத்ததாகச் சொல்வார். கோலத்தில் கடைசிப் புள்ளி இல்லாமல் இருப்பது அதனால்தான். உங்கள் படத்தில் அந்த இல்லாத புள்ளியும் தெரிகிறது."

தென்மாவட்டங்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரின் முன்கையில் பச்சை குத்திய கோலம் இருக்கும். வருடங்கள் போகப் போக மை தோலுக்குள் பரவி, கோடுகளின் ஓரம் கரைந்து, நீலமும் பச்சையும் கலந்த மங்கிய நிறமாகிவிடும். அதைப் படத்தில் கொண்டுவருவது எளிதல்ல. நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் தோல் முழுவதும் ஒரே சீராக விழுந்து, ஏற்கெனவே மங்கிய கோடு இன்னும் வெளுத்துப்போகும். வயதான தோல் மெல்லியது, சற்றே பளபளப்பானது. ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் திட்டுத் திட்டாக வெள்ளையடிக்கும். ஆகவே அந்தக் கேண்டிட்காரர் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் எரிந்த ஒற்றை விளக்கை நம்பியிருக்கிறார். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் சுருக்கங்களின் மேட்டில் பட்டு, பள்ளத்தில் நிழல் விடும். பேத்தியின் கையில் ஈர மருதாணி மேடாக நிற்கிறது; பாட்டியின் கையில் தோலே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இரண்டு கோலங்களும் ஒரே வெளிச்சத்தில் பிடிபடுகின்றன.

இதற்குப் பிறகும் அந்தப் படத்துக்கு ஓர் ஆபத்து இருந்தது. ஆல்பம் வடிவமைக்கும் இடத்தில் முகங்களையும் கைகளையும் மழமழப்பாக்குவது வழக்கம். நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே அளவில் ஒரே கணினிக் கட்டளையைக் கொடுத்துவிடுவார்கள். மணப்பெண்ணின் கன்னத்துக்கு அது பொருந்தலாம். 84 வயதுக் கைக்கு அதைப் போட்டால் சுருக்கம் போவதோடு, ஓரம் கரைந்த பச்சைக் கோடும் தோல் கறை என்று எண்ணப்பட்டுத் துடைக்கப்பட்டுவிடும். முடிவில் மெழுகுக் கைதான் மிஞ்சும். ஆல்பத்தில் இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாட்டியின் புறங்கையில் நரம்புகளும், கண் ஓரத்துக் கோடுகளும், மூக்குத்தியைச் சுற்றியுள்ள தோலின் மடிப்பும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். புடவை நூல் இழை இழையாகத் தெரிந்து, முகம் மட்டும் வழவழவென்று இருந்தால் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் படத்தில் யாரோ கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அது தற்செயல் அல்ல; அந்தப் படத்தை மட்டும் தனியே எடுத்துவைக்கச் சொல்லிப் புகைப்படக்காரர் வடிவமைப்பாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணின் கடிதத்தில் அடுத்த வரி அதைத்தான் பிடிக்கிறது: "கையைப் பளபளப்பாக்காமல் விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி."

இரண்டாம் படம் காலையில், மணப்பெண் அறையில்.

"அலங்காரம் முடிந்ததும் அப்பத்தா என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை செய்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். உங்கள் படத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ கனமான பொருளைத் தூக்குகிற மாதிரி முழுக் கவனத்தோடு செய்கிறார்."

இரண்டு உள்ளங்கைகளாலும் பிள்ளையின் கன்னத்தை மேலிருந்து கீழாக வழித்து, விரல்களை மடக்கித் தன் பொட்டில் வைத்து அழுத்திச் சொடக்கு விழ வைப்பது, கண்ணேறு கழிக்கும் பழைய வழக்கம். தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் கேமரா வைத்திருப்பவருக்கு இது சிக்கலான ஒரு நொடி. முழுச் செயலும் ஒரு நொடியில், மிஞ்சினால் இரண்டு நொடியில் முடிந்துவிடும். முன்னறிவிப்பு கிடையாது. "இன்னொரு தடவை பண்ணுங்க பாட்டி" என்று கேட்டால் பாட்டி செய்வார். ஆனால் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி செய்வார். உதட்டைக் கடிக்கும் அந்தக் கவனம் திரும்ப வராது.

எங்கே நிற்பது என்பதும் ஒரு சிக்கல். பாட்டிக்கு முதுகுப்புறம் நின்றால் மணப்பெண்ணின் முகம் மட்டும் கிடைக்கும்; அதையும் கைகள் மறைக்கும். இருவருக்கும் பக்கவாட்டில் நின்றால், விரல்கள் பொட்டுக்குப் போகும்போது கேமராப் பக்கத்து முழங்கை உயர்ந்து பாட்டியின் முகத்தை மறைத்துவிடும். மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் சற்றே ஒதுங்கி நிற்பவருக்குத்தான், உயர்ந்த இரண்டு கைகளுக்கு நடுவே பாட்டியின் முகம் முழுதாகத் தெரியும். பாட்டி எழுந்து பேத்தியை நோக்கி வரும்போதே அந்த இடத்துக்குப் போய்விட்டால்தான் உண்டு. கை நகரும் வேகத்தை உறையவைக்க ஷட்டர் நொடியில் 250-ல் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைந்த நேரமே திறக்க வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்துக்குள் போதிய வெளிச்சம் வர வேண்டுமென்றால் பாட்டியின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழ வேண்டும். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் பத்துப் பதினைந்து படங்கள் கிடைக்கும். அவற்றில் சிலவற்றில் கண் மூடியிருக்கும், சிலவற்றில் விரல் முகத்தை மறைத்திருக்கும், சிலவற்றில் கூர்மை மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்து வந்தது ஒன்றாக இருக்கலாம். ஆல்பத்தில் அந்த ஒன்று இருக்கிறது.

கடிதம் எழுதும் பெண்ணுக்கு இந்த ஷட்டர் கணக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன்" என்று அவள் எழுதிய வரி போதும். தான் அன்று நின்ற இடத்திலிருந்து கிடைத்தது இருபது வருடமாகப் பேத்தியே பார்த்திராத முகம் என்று அதிலிருந்து புகைப்படக்காரர் தெரிந்துகொள்கிறார்.

மூன்றாவது படம்தான் கடிதத்தில் அதிக இடம் பிடிக்கிறது.

"தாலி கட்டிய நேரத்தில் மண்டபமே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் திரும்பி நின்று அப்பத்தாவை எடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் எழுந்து நின்றதால் அவருக்கு மேடை தெரியவில்லை. நாதஸ்வரமும் தவிலும் வேகமெடுத்ததைக் கேட்டே தாலி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் கையைத் தூக்கி அட்சதை போடுகிறார். அது முன்னால் நிற்பவரின் முதுகில்தான் விழுந்திருக்கும். தாத்தா இறந்ததிலிருந்து அப்பத்தா எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசைக்கு வந்ததில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. என் கல்யாணத்தில் நான் கூப்பிட்டேன். கால் வலி என்று சொல்லிவிட்டார். இந்தப் படம் இல்லையென்றால் என் தாலிகட்டில் அவர் எங்கே இருந்தார் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது."

கணவனை இழந்த பெண்கள் மணவறைப் பக்கம் வராமல் ஒதுங்கி நிற்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. வெளிப்படையாக யாரும் தடுக்காத வீடுகளில்கூட அவர்களே பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ட்ரெடிஷனல் படங்கள் மேடையை மையமாகக் கொண்டவை என்பதால், மேடைக்கு வராதவர்கள் ஆல்பத்துக்கும் வருவதில்லை. வாழ்த்த வந்தவர்கள் வரிசையாக மேடையேறி நின்று எடுத்துக்கொள்ளும் படங்களில் தூரத்து உறவினர்கூட இடம்பெறுவார்கள். பெண்ணைத் தூக்கி வளர்த்த பாட்டி இருக்கமாட்டார். முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டால் காரணம் எது என்று யாரும் பிரித்துக் கேட்பதும் இல்லை.

இந்தப் படத்தை எடுப்பதில் இருந்த துணிச்சலைப் புரிந்துகொள்ள, தாலி கட்டும் நிமிடத்தைக் கேமராவின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கல்யாணத்தில் திரும்ப எடுக்க முடியாத படம் என்று புகைப்படக்காரர்கள் முதலில் அஞ்சுவது அதைத்தான். அந்த நேரத்தில் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்புவது, எதிரே நிற்கும் சகாவின் மேல் முழு நம்பிக்கை இருந்தால் மட்டுமே முடியும். இருவரும் முன்பே பேசி வைத்திருப்பார்கள்: முடிச்சு உன்னுடையது, முகங்கள் என்னுடையவை. ஒருவரை மட்டும் அமர்த்தியிருந்தால் இந்தப் படத்துக்கு வழியே இல்லை. பாட்டியின் படங்கள் இல்லையே என்று பிறகு வருந்தும் வீட்டார் பலர், செலவைக் குறைக்க முதலில் நிறுத்தியது இந்த இரண்டாம் ஆளைத்தான்.

அடுத்தது தூரமும் வெளிச்சமும். மேடையின் ஓரத்திலிருந்து பின்வரிசை வரை எட்டிப்பிடிக்க 70-200 மி.மீ. போன்ற நீள லென்ஸ் வேண்டும். எழுந்து நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் பாட்டி தெரிவார். யாராவது அரை அடி நகர்ந்தால் அதுவும் மூடிவிடும். மேடைக்குப் போட்ட பெரிய விளக்குகள் பின்வரிசைக்கு எட்டாது. அங்கே இருப்பது மண்டபத்தின் எல்.இ.டி. குழல் விளக்குகள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று கொண்டது. மலிவான எல்.இ.டி.கள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழுந்துவிடும். அதைத் தவிர்க்க ஷட்டரை நொடியில் 100-ல் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். அந்த வேகத்தில் நீள லென்ஸைக் கையில் பிடித்தால் நடுக்கம் படத்தில் தெரியும்; நடுக்கத்தைத் தணிக்கும் வசதியுள்ள லென்ஸும், சாய்ந்துகொள்ள ஒரு தூணும் இருந்தால் நல்லது.

அந்த மெதுவான ஷட்டரால் ஒரு நன்மையும் விளைந்தது. பாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் கூர்மையாக இருக்கிறது. கையிலிருந்து கிளம்பிய அரிசி மட்டும் மஞ்சள் கீற்றுகளாக நீண்டிருக்கிறது. மேடையிலிருந்து எடுத்த தாலிகட்டுப் படத்தில், ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒவ்வொரு அரிசியும் தனித்தனிப் புள்ளியாகக் காற்றில் நிற்கும். ஆல்பத்தின் ஒரே விரிப்பில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரே நிமிடத்தை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து பார்க்கலாம்.

இந்த மூன்று பத்திகளையும் எழுதிய பெண் 'அற்புதம்', 'பிரமாதம்', 'நீங்கள் ஒரு கலைஞர்' என்று எங்கும் எழுதவில்லை. அந்தச் சொற்கள் தவறல்ல. ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும், எந்தப் படக்காரருக்கும் அனுப்பக்கூடியவை என்பதால் படிப்பவர் மனதில் நிற்பதில்லை. நன்றிக் கடிதங்களில் வழக்கமாக நேரும் இன்னொரு தவறு, எல்லாப் படங்களுக்கும் நன்றி சொல்லப் பார்ப்பது. ஆயிரக்கணக்கான படங்களில் எல்லாமே நன்றாக இருந்தன என்று எழுதும்போது, மேடைக்கு முதுகு காட்டித் திரும்பிய அந்த ஒரு முடிவு மற்றவற்றோடு கலந்து காணாமல் போய்விடும். இரண்டு மூன்று படங்கள் போதும். எந்தப் படம் என்று குழப்பமில்லாமல் தெரிய, ஆல்பத்தின் பக்க எண்ணையோ, அனுப்பிய கோப்பின் எண்ணையோ குறிப்பிடலாம். அடுத்து, அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது, அதில் படக்காரருக்குத் தெரிந்திருக்க முடியாதது எது என்பதை எழுதலாம். உதவியாளர், வடிவமைப்பாளர் பெயர் தெரிந்தால் அவர்களையும் சேர்க்கலாம். கையைப் பளபளப்பாக்காமல் விட்டவர் வடிவமைப்பாளராக இருந்தால் அந்த நன்றி அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

குறை ஏதாவது இருந்தால் அதை இதே கடிதத்தில் கலக்காமல் இருப்பது நல்லது. ஆல்பம் தாமதமானது, வீடியோவில் பாட்டு சரியில்லை என்பவற்றைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இப்படி எழுதிய கடிதத்துக்கு இரண்டாவது பயன் ஒன்று உண்டு. அது வீட்டிலேயே இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களைத் தேடித் திரட்டி எண்ம வடிவில் பதிந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பழைய படங்கள் நம் வீட்டுப் பரணிலும் இருக்கும். செயற்கைத் தூணில் கை வைத்து நிற்கும் பெண், நாற்காலியில் விறைத்து உட்கார்ந்த ஆண். யார் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போனபின், படம் மட்டும் மிஞ்சுகிறது. பின்பக்கம் ஒரு பெயரும் ஊரும் எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்பத்தாவின் பச்சைக் கோலத்தில் கடைசிப் புள்ளி ஏன் இல்லை என்பது இப்போது குடும்பத்தில் நான்கைந்து பேருக்குத் தெரியும். கடிதத்தின் ஒரு நகலை ஆல்பத்தோடு வைத்துவிட்டால், அது அந்த மூன்று படங்களுக்கும் குறிப்பாகிவிடுகிறது. தனிப் பிரின்டுகளின் பின்னால் எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பழைய காகிதப் படங்களுக்கு மிருதுவான பென்சில் ஏற்றது. இன்றைய பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கென்று விற்கும், சீக்கிரம் உலரும் நிலையான மைப் பேனாவால் ஓரத்தில் மெல்ல எழுதலாம்.

அனுமதி பற்றியும் கடிதத்தில் ஒரு வரி இருப்பது நல்லது. நல்ல படங்களைத் தங்கள் விளம்பரப் பக்கத்தில் போட்டுக்கொள்ளப் புகைப்படக்காரர்கள் விரும்புவார்கள். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே உரியது. ஆனால் சட்டத்தில் உரிமை யாருக்கு என்பது வேறு. படத்தில் இருக்கும் பாட்டியின் விருப்பம் வேறு. அந்தப் பெண் அப்பத்தாவிடம் படங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். நெட்டி முறிக்கும் படத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அட்சதைப் படம் வேண்டாம் என்றார். கடிதத்தில் அதை அப்படியே எழுதிவிட்டாள்: "இரண்டாவது படத்தை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா. மூன்றாவது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்."

கடிதம் வந்து சேர்ந்த பிறகு, அடுத்த கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளும்போது அந்தப் புகைப்படக்காரர் வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளில் சில கூடும். வீட்டில் மூத்தவர் யார், அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? மண்டபத்தில் எங்கே உட்காரவைக்கப் போகிறீர்கள்? மேடை ஏறுவாரா, ஏறமாட்டார் என்றால் மணமக்களை எந்த நேரத்தில் அவரிடம் அழைத்துப் போவீர்கள்? எந்தக் காது நன்றாகக் கேட்கும்? கண்ணாடியைக் கழற்றினால் அவருக்குச் சங்கடமா? கண்ணாடி பளிச்சிடுகிறது என்று கழற்றச் சொல்வதைவிட, வெளிச்சத்தைச் சற்றுப் பக்கவாட்டுக்கு நகர்த்துவது அவருக்கு எளிது. இந்தக் கேள்விகளுக்கு வீட்டாரே முன்கூட்டிப் பதில் எழுதிக் கொடுத்துவிடலாம். பெயர், உறவு, உட்காரும் இடம், வந்து போகும் நேரம் என்று நான்கு வரி போதும். தாலி கட்டும் நேரத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது கேண்டிட்காரருக்கு அந்த நான்கு வரியிலேயே தெரிந்துவிடும்.